ஆன்டிகிதெரா இயந்திரம்: கிரகணத்தைப் பல் எண்ணிச் சொன்ன வெண்கலப் பெட்டி – கேள்வி பதில்

இது என்ன பொருள்? எங்கே கிடைத்தது?

பழைய கிரேக்கர்கள் செய்த, பற்சக்கரங்களால் ஓடும் வானியல் கணிப்பான். கிரேக்க நாட்டில் கிரீட் தீவுக்கும் கிதெரா தீவுக்கும் நடுவே ஆன்டிகிதெரா என்ற சின்னத் தீவு இருக்கிறது. 1900ஆம் ஆண்டு, சைமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர்கள் அதன் கரையோரம் ஒரு கப்பல் சிதைவைக் கண்டார்கள். சிலைகளும் கண்ணாடிப் பாத்திரங்களும் ஏற்றிப் போகும்போது, கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல் அது. அந்த ஆழத்தில் வேலை செய்ததில் ஒரு மூழ்காளர் இறந்தார், இருவர் முடமானார்கள்.

மேலே வந்த பொருட்களோடு பச்சைக் களிம்பு ஏறிய ஒரு கட்டியும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலைகளைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கட்டி காய்ந்து பிளந்தபின், 1902 மே மாதம்தான் அதற்குள் ஒரு பற்சக்கரம் இருப்பது தெரிந்தது.

உடைந்த துண்டுகள்தானே கிடைத்தன? உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது?

மொத்தம் 82 துண்டுகள். முப்பது சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் 27 ஒரே துண்டில், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. முன்பக்கம் தெரிகிற பெரிய சக்கரத்துக்குச் சுமார் 13 செ.மீ. விட்டம். நடுவில் நான்கு ஆரக்கால்கள் சிலுவை மாதிரி நிற்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எக்ஸ்ரே காட்டியது. டெரெக் டி சோலா பிரைஸ் என்ற அறிவியல் வரலாற்றாளர் 1970களில் எக்ஸ்ரே படங்களை வைத்துப் பற்களை எண்ணினார். ஒரு தட்டையான படத்தில் அந்த 27 சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எது எதனுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. 2005இல் பல டன் எடையுள்ள சி.டி. ஸ்கேன் கருவி ஒன்றை அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய் அடுக்கடுக்காகப் படம் எடுத்தார்கள். அதன்பிறகுதான் சக்கரங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. களிம்புக்குள் புதைந்திருந்த ஆயிரக்கணக்கான எழுத்துகளும் படிக்கக் கிடைத்தன. கருவியின் பின்பக்கம் எதற்கு என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிட்டன.

இதை வைத்திருந்தவர் என்ன செய்வார்? எதைத் திருகுவார்?

பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்திருக்க வேண்டும். கைப்பிடி தொலைந்துவிட்டது, அதைச் செருகும் சதுரத் துளையும் அதோடு சேர்ந்த 48 பல் சக்கரமும் இருக்கின்றன. அந்தச் சக்கரம் பெரிய சக்கரத்தை ஓட்டும். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வருடம். அந்தக் கணக்கில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 78 நாள் நகரும்.

முன்முகப்பில் ராசி வட்டமும் அதைச் சுற்றி எகிப்திய நாள்காட்டி வட்டமும். சூரிய முள், நிலா முள் இரண்டும் அங்கே ஓடும். நிலா முள்ளோடு பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை சுழன்று வளர்பிறை தேய்பிறையைக் காட்டும். பின்முகப்பில் இரண்டு பெரிய சுருள்கள். மேலே இருப்பது 19 வருடத்தில் அடங்கும் 235 மாதங்களின் நாள்காட்டி. கீழே இருப்பது கிரகணச் சுருள். இந்தக் கேள்வி பதிலில் அதிகம் பேசப்போவது இந்தக் கீழ்ச் சுருளைப் பற்றித்தான்.

முள்ளின் நுனி சுருளின் பள்ளத்தில் இறங்கி, கிராமபோன் ஊசி போல அதன் வழியே ஊரும். சுருள் முடிந்ததும் முள்ளைக் கையால் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைக்க வேண்டும்.

கிரகணச் சுருளில் 223 கட்டங்கள் என்கிறார்கள். ஏன் 223?

அமாவாசை எல்லாவற்றிலும் சூரிய கிரகணம் வருவதில்லை, பௌர்ணமி எல்லாவற்றிலும் சந்திர கிரகணமும் வருவதில்லை. நிலாவின் பாதை சூரியன் போகும் பாதைக்குச் சற்றுச் சாய்ந்திருப்பதே காரணம். இரண்டு பாதைகளும் வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் நாம் ராகு, கேது என்கிறோம். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நடந்தால்தான் கிரகணம்.

ஆக, இரண்டு தாளங்கள் சேர வேண்டும். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.53 நாள். ராகுவில் கிளம்பி மறுபடி ராகுவுக்கு வர 27.21 நாள். இவை எப்போது ஒன்றாக முடியும்? முதல் தாளத்தில் 223 சுற்றும் இரண்டாவதில் 242 சுற்றும் முடியும்போது. இரண்டுமே 6,585 நாளும் சில மணி நேரமும்தான். அதாவது 18 வருடம், 11 நாள், 8 மணி நேரம். இதற்குச் சாரோஸ் என்று பெயர். பாபிலோனியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களைக் குறித்துவைத்துக் கண்ட சுற்று இது.

இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. நிலா பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வருவதற்கு 27.55 நாள். அதன் 239 சுற்றும் ஏறக்குறைய அதே நேரத்தில் முடிகிறது. அதனால் ஒரு சாரோஸ் கழித்து வரும் கிரகணம் வெறும் கிரகணமாக வராது, பழைய கிரகணத்தின் சாயலோடு வரும். முன்பு கங்கணமாகத் தெரிந்தது பெரும்பாலும் மறுபடி கங்கணமாகத்தான் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது எளிது. 223 மாதத்துக்கு 223 கட்டம். முன்பு கிரகணம் நடந்த மாதங்களில் குறி போடு. சுருள் முடிந்ததும் அதே குறிகள் அடுத்த 18 வருடத்துக்கும் பொருந்தும்.

ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது?

பெரும்பாலான கட்டங்கள் காலி. கிரகணம் வரக்கூடிய மாதத்தில் மட்டும் சில எழுத்துகள் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். சிக்மா எழுத்து இருந்தால் சந்திர கிரகணம், ஏனென்றால் கிரேக்கத்தில் நிலாவுக்குச் செலீனி என்று பெயர். ஈட்டா எழுத்து இருந்தால் சூரிய கிரகணம், சூரியனுக்கு ஹீலியோஸ். இரண்டும் இருந்தால் அந்த மாதத்தில் இரண்டும் வரலாம். அதன் கீழே மணியைக் குறிக்கும் ஒரு கூட்டெழுத்து, பிறகு எத்தனையாவது மணி என்ற எண். கடைசியில் ஒரு வரிசை எழுத்து இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு முகப்பின் ஓரத்தில் உள்ள விரிவான குறிப்புக்குப் போகலாம்.

இதில் ஒரு நல்ல புத்திசாலித்தனம் இருக்கிறது. கிரகண நேரத்தை முள் காட்டவில்லை, எழுத்து சொல்கிறது. சுருள் நான்கு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 56 கட்டம், ஒரு கட்டத்துக்கு ஆறரை பாகை. முள் இரண்டு பாகை முன்னே பின்னே நின்றாலும் சரியான கட்டத்துக்குள்தான் நிற்கும். மணிக் கணக்கைச் சக்கரத்திடம் கேட்டிருந்தால் கையால் அறுத்த பற்கள் தோற்றுப்போயிருக்கும். எதைச் சக்கரத்திடம் விடுவது, எதை எழுத்தில் வைப்பது என்று இதைச் செய்தவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கிரகணச் சுருளுக்குள் இருக்கும் சின்ன வட்டத்தில் 8, 16 என்று மட்டும் இருக்கிறதே, அது எதற்கு?

சாரோஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 8 மணி நேரத்துக்கு. அந்தச் சின்ன வட்டம் மூன்று பாகமாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று காலி, ஒன்றில் 8, ஒன்றில் 16. முதல் சாரோஸ் ஓடும்போது கட்டத்தில் எழுதிய மணி அப்படியே சரி. இரண்டாவது சாரோஸில் அதோடு 8 கூட்ட வேண்டும், மூன்றாவதில் 16. மூன்று முடிந்தால் 24 மணி, ஒரு முழு நாள், எனவே மறுபடி காலிப் பாகம். மூன்று சாரோஸ் சேர்ந்த அந்த 54 வருடச் சுற்றுக்குக் கிரேக்கர்கள் எக்சலிக்மோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சரி, நாம் பார்த்த ஏதாவது ஒரு கிரகணத்தை வைத்து இதைச் சரிபார்க்க முடியுமா?

முடியும். 2010 ஜனவரி 15, தை அமாவாசை அன்று கன்னியாகுமரியிலும் ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். உச்ச நேரம், கிரீன்விச் கணக்கில், காலை 7 மணி சுமார்.

ஒரு சாரோஸ் பின்னே போனால் 1992 ஜனவரி 4. அன்றும் கங்கண கிரகணம். நேரம் 8 மணி குறைந்து, இரவு 11 மணி சுமார். அது நமக்கு விடிவதற்கு முந்தைய நேரம். நிழல் பசிபிக் கடலில் விழுந்தது.

இன்னொரு சாரோஸ் பின்னே போனால் 1973 டிசம்பர் 24. கங்கணமேதான். பிற்பகல் 3 மணி சுமார். இந்த முறை தென் அமெரிக்காவும் அட்லாண்டிக்கும்.

மூன்றாவதாக 1955 டிசம்பர் 14. மறுபடி கங்கணம், மறுபடி காலை 7 மணி. நிழல் ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியப் பெருங்கடலைக் கடந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனது. 2010இல் நடந்ததும் அதே மாதிரியான பயணம்தான்.

7, 15, 23, மறுபடி 7. சின்ன வட்டத்தின் காலி, 8, 16 இதுதான். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் ஒவ்வொரு முறையும் நிழல் உலகின் வேறொரு பக்கத்தில் விழுகிறது, மூன்று முறைக்கு ஒருமுறை ஏறக்குறைய பழைய பக்கத்துக்குத் திரும்புகிறது. நாள்காட்டியில் இந்த நான்கு தேதிகளையும் வைத்து நாட்களை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு இடைவெளியும் 6,585 நாளும் எட்டு மணியுமாக வரும்.

வெறும் பற்களை எண்ணி "இது நிலாவுக்கு, இது கிரகணத்துக்கு" என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பகா எண்கள்தான் சாட்சி. 19 வருடத்தில் நிலா ராசி வட்டத்தை 254 முறை சுற்றும். சூரிய முள் ஒரு சுற்று போகும்போது நிலா முள் 254/19 சுற்று போக வேண்டும். 254 என்பது இரண்டு மடங்கு 127. 127ஐ மேலும் உடைக்க முடியாது. ஆகவே எங்கேயோ ஒரு சக்கரத்தில் 127 அல்லது அதன் மடங்கு பற்கள் இருந்தே தீர வேண்டும். இருக்கிறது. சக்கரத் தொடர் இப்படிப் போகிறது, ஒவ்வொரு பின்னத்திலும் மேலே இருப்பது ஓட்டும் சக்கரத்தின் பற்கள், கீழே இருப்பது ஓட்டப்படும் சக்கரத்தின் பற்கள்:

64/38 × 48/24 × 127/32 = 254/19

பெருக்கிப் பாருங்கள், மிச்சமே இல்லாமல் வரும். 38க்குள் 19 ஒளிந்திருக்கிறது. அதேபோல 223ம் பகா எண். 223 பல் கொண்ட ஒரு சக்கரம் பின்பக்கத்தில் இருக்கிறது. யாரும் தற்செயலாக 223 பல் அறுக்க மாட்டார்கள். 220ஓ 240ஓ வட்டத்தில் பிரிப்பது எவ்வளவோ சுலபம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 53. இரண்டு சக்கரங்களில் 53 பல் இருக்கிறது, ஆனால் 53 எந்தக் கிரகணச் சுற்றிலும் வராது. கிரகண முள்ளின் தொடரை எழுதினால்:

64/38 × 53/96 × 27/223 × 188/53 × 30/54 = 940/4237

மேலே ஒரு 53, கீழே ஒரு 53, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. 940/4237 என்பது 223 மாதத்தில் நான்கு சுற்று என்ற வேகம், மிகச் சரி. பிறகு ஏன் 53ஐ வைத்து, பின்னாலேயே நீக்க வேண்டும்? பதில் நடுவழியில் இருக்கிறது. முதல் மூன்று பின்னங்களை மட்டும் பெருக்கினால், 223 பல் சக்கரம் ஏறக்குறைய 8.88 வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றுவது தெரியும். நிலாவின் நீள்வட்டப் பாதையே வானத்தில் திரும்புகிற வேகம் அது. இன்றைய அளவில் 8.85 வருடம். ஒரே சக்கரத்திடம் இரண்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். தன் முதுகில் நிலாவின் பாதையைச் சுமந்து திருப்புகிறது, அப்புறம் அடுத்த சக்கரத்திடம் கிரகணக் கணக்கையும் ஒப்படைக்கிறது. முதல் வேலைக்கு 53 வேண்டும், இரண்டாவதற்கு வேண்டாம், அதனால் இன்னொரு 53 வைத்து நீக்கிவிட்டார்கள்.

நிலா ஒரே வேகத்தில் ஓடாதே. சக்கரம் ஒரே வேகத்தில்தானே சுற்றும்?

அதற்குத்தான் அந்த 223 பல் சக்கரத்தின் முதுகில் இரண்டு சின்னச் சக்கரங்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் 50 பல். ஒன்றின்மேல் ஒன்று. கீழ்ச் சக்கரத்தில் ஓர் ஆணி நிற்கிறது, மேல்சக்கரத்தில் ஒரு காடி வெட்டியிருக்கிறது, ஆணி காடிக்குள் நுழைந்து மேல்சக்கரத்தைத் தள்ளுகிறது. இரண்டின் மையமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி சுற்றும். ஆனால் மையங்கள் சுமார் 1.1 மி.மீ. விலகியிருக்கின்றன.

படித்துப் புரியாமல் நான் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். இரண்டு வட்டங்கள். ஒன்றில் ஒரு குண்டூசி, இன்னொன்றில் மையத்திலிருந்து வெளியே போகும் நீளமான ஒரு வெட்டு. மையங்களை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக, அரை சென்டிமீட்டர் தள்ளிக் குத்தினேன். கீழ் அட்டையைச் சீராகத் திருப்பினால் ஊசி வெட்டுக்குள் உள்ளேயும் வெளியேயும் நழுவுகிறது. ஊசி மேல் அட்டையின் மையத்துக்கு அருகே வரும்போது மேல் அட்டை விருட்டென்று திரும்புகிறது, தொலைவில் போகும்போது நத்தை மாதிரி. வெட்டைக் கொஞ்சம் அகலமாக வெட்டிவிட்டால் ஊசி ஆடி, திருப்பம் தொடங்கும் இடத்தில் ஒரு தயக்கம் வருகிறது. உண்மைக் கருவியிலும் காடி இறுக்கமாக இல்லாவிட்டால் இதே தொல்லை வந்திருக்கும்.

உண்மைக் கருவியில் ஆணி மையத்திலிருந்து சுமார் 9.6 மி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த அளவில் நிலா முள் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் ஆறரை பாகை முந்தும் அல்லது பிந்தும். நிலா வானத்தில் பாதையின் வடிவத்தால் காட்டும் வேறுபாடும் ஆறு பாகைக்குச் சற்று மேல்தான். நிலாவின் பாதை நீள்வட்டம் என்ற எண்ணமே இல்லாதவர்கள், ஓர் ஆணியையும் ஒரு காடியையும் வைத்து இதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கிரகங்களையும் காட்டியது என்கிறார்களே, அதற்கான சக்கரங்கள் எங்கே?

காணவில்லை. முன்பக்கத்தில் இருந்தவை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. 63 பல் கொண்ட ஒரு சக்கரம் தனித் துண்டில் கிடைத்தது, அது இதில் சேர்ந்ததாக இருக்கலாம். பெரிய சக்கரத்தின் ஆரக்கால்களில் ஏதோ பொருத்தியிருந்த தடயங்கள் உண்டு. மற்ற ஆதாரம் எழுத்துதான்.

அந்த எழுத்தில் இரண்டு எண்கள் கிடைத்தன. வெள்ளிக்கு 462 வருடம், சனிக்கு 442 வருடம். வெள்ளி 462 வருடத்தில், சூரியனை வைத்துப் பார்த்தால் பழைய நிலைக்கே திரும்பும் தன் தோற்றச் சுற்றை 289 முறை முடிக்கும், சனி 442 வருடத்தில் 427 முறை. வெள்ளிக்கு 8 வருடத்தில் 5 சுற்று என்ற எளிய கணக்கு அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒவ்வொரு 8 வருடத்துக்கும் இரண்டு நாளுக்கு மேல் பிசகும். ஏன் 462ஐத் தேடிப் போனார்கள்? 8க்கு 5ஐவிடத் துல்லியம் என்பது ஒன்று. சின்னச் சின்னக் காரணிகளாக உடையும் என்பது இன்னொன்று. 289 என்பது 17 × 17, 442க்குள்ளும் 17 இருக்கிறது. 17இன் மடங்காக ஒரே சக்கரத்தை வெட்டி இரண்டு கிரகங்களுக்கும் பயன்படுத்தலாம். 2021இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக் குழு ஒன்று இந்த வழியில் ஐந்து கிரகங்களுக்கும் சக்கர அடுக்கை வரைந்து காட்டியது. அது அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் அது மறுஆக்கம்தான். பின்பக்கத்துச் சக்கரங்களைப் போலக் கையில் இருக்கும் பொருள் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எவ்வளவு துல்லியமாக இருந்திருக்கும்? எங்கே தவறும்?

மாதத்தைச் சொல்வதில் நம்பலாம். சந்திர கிரகணத்துக்கு அது நன்றாகவே உதவும், ஏனென்றால் அந்த நேரத்தில் இரவாக இருக்கும் பாதி உலகுக்கும் அது தெரியும். சூரிய கிரகணம் அப்படியல்ல. நிழல் ஒரு குறுகிய பட்டையில்தான் விழும், எந்த ஊரில் விழும் என்று சுருளால் சொல்ல முடியாது. ஈட்டா எழுத்து இருக்கும் மாதத்தில் ரோட்ஸ் தீவில் காத்திருந்தவர் பெரும்பாலும் ஏமாந்திருப்பார்.

இரண்டாவது, சாரோஸ் சுத்தமாக மூடும் சுற்று அல்ல. 223 மாதத்துக்கும் 242 ராகுச் சுற்றுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வித்தியாசம். ஒவ்வொரு சாரோஸிலும் கிரகணம் ராகு கேது புள்ளியிலிருந்து அரை பாகை அளவுக்கு நகர்ந்து, பல நூற்றாண்டுகளில் அந்த வரிசையே ஓய்ந்துவிடும், வேறொரு மாதத்தில் புது வரிசை முளைக்கும். வெண்கலத்தில் வெட்டிய குறி தானாக மாறாது.

மூன்றாவது, முன்முகப்பு. பற்கள் முக்கோண வடிவில் அரத்தால் அறுக்கப்பட்டவை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் ஆட்டம் இருக்கும், தொடர் நீள நீள அந்த ஆட்டம் சேரும். நிலா முள்ளும் கிரக முட்களும் சில பாகை தவறிக் காட்டியிருக்கலாம்.

நம் பஞ்சாங்கக் கணிதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இந்தக் கருவிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் நிலாவின் வேக மாற்றத்தை வாக்கியப் பஞ்சாங்கமும் சுற்றுக் கணக்காகவே பிடிக்கிறது. 27.55 நாள் சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 நாள், அந்த 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியமாக மனப்பாடம் செய்து கணித்தார்கள். அதே 248 நாள் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் உண்டு. அங்கே ஆணியும் காடியும் செய்த வேலையை இங்கே மனப்பாடம் செய்தது.

யார் செய்தது?

பெயர் இல்லை. மாதப் பெயர்கள் கொரிந்து நகரத்தாரும் அவர்கள் குடியேறிய ஊர்க்காரர்களும் பயன்படுத்தியவை. விளையாட்டுப் போட்டிகளைக் காட்டும் ஒரு சின்ன வட்டத்தில் ஒலிம்பியாவோடு ரோட்ஸ் தீவின் போட்டியும் வருகிறது. கிரகணச் சுருளின் தொடக்கத்தைக் கி.மு. 205க்குப் பொருத்துகிறார்கள், கப்பல் மூழ்கியது கி.மு. 60 அளவில். இந்த இடைவெளிக்குள் எங்கோ ஒரு பட்டறையில் செய்தது.

நேரில் பார்க்கலாமா?

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பெரிய துண்டுகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன, பக்கத்திலேயே மறுஆக்க மாதிரிகளும் உண்டு. ஆரக்கால் சக்கரம் தெரியும் பெரிய துண்டின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். பின்பக்கம் சுற்றிப் போய்ப் பாருங்கள், 223 பல் சக்கரம் இருப்பது அந்தப் பக்கம்தான்.